விளாவாத வெந்நீர்

வெந்நீர் போட்டுக் குளிக்கிற வீடுகளில் 'விளாவுதல்' என்ற சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அண்டாவில் கொதித்ததை வாளியில் ஊற்றி, கை பொறுக்கும் சூடு வரும்வரை பச்சைத் தண்ணீர் சேர்ப்பதற்குப் பெயர் அது. அந்தப் பழக்கத்தை நான் குளியலறையிலிருந்து மூக்கு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

மூக்கில் வளர்ந்திருந்த சதையை அறுவை செய்து எடுத்த பிறகு, தினம் இரண்டு வேளை உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொல்லியிருந்தார் டாக்டர். மெடிக்கலில் 240 மில்லி பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும், அதில் கலக்க உப்புப் பொட்டலங்களும் கொடுத்தார்கள். பாட்டிலை அமுக்கினால் ஒரு துவாரம் வழியாகப் போகிற நீர் மறு துவாரம் வழியாக வழிந்துவிடும். யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் மூக்கு வைத்த சொம்பில் செய்கிற ஜலநேத்தியும் இதேதான். "கொதிக்க வெச்சு ஆறின தண்ணி" என்று டாக்டர் சொன்னது என் காதில் 'வெதுவெதுப்பான தண்ணி' என்று விழுந்திருக்க வேண்டும். காலையில் ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் பால் குக்கர் பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைப்பேன். பாட்டிலில் பாதி வரை அதை ஊற்றி, மீதியைக் குழாயைத் திறந்து பிடித்து, சூட்டைச் சரிபார்த்துக்கொள்வேன்.

அடுத்த முறை போனபோது, எப்படிச் செய்கிறேன் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். "நீங்க கொதிக்க வெச்சது பாதி பாட்டில் சார். மூக்குக்குள்ள போனது முழு பாட்டில் பச்சைத் தண்ணி."

அதே குழாய்த் தண்ணீரைத்தான் பல வருஷமாகக் குடிக்கிறோம், வாய் கொப்பளிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்று அவரிடம் கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. வாய் வழியாகப் போகிற நீர் இரைப்பைக்குப் போகிறது. அங்கே இருக்கிற அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் தாக்குப்பிடிப்பதில்லை. மூக்கில் அப்படி ஒரு காவல் கிடையாது. அதோடு மூக்கின் கூரை இருக்கும் இடம் அப்படி. இரு கண்களுக்கும் நடுவே, மூக்கின் உச்சியில், சல்லடை மாதிரித் துளைகள் கொண்ட மெல்லிய எலும்புத் தகடு ஒன்று இருக்கிறது. வாசனை அறியும் நரம்பிழைகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. தகட்டுக்கு மேலே மூளை. உடம்பில் வெளிக்காற்றுக்கும் மூளைக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரம் வேறெங்கும் இல்லை. நாமோ அந்த இடத்தை நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சுகிறோம்.

இந்த வழி தெரிந்த ஓர் உயிர் இருக்கிறது. நெக்லேரியா ஃபௌலேரி என்பது அதன் பெயர். கேரளத்தில் 2024லிலிருந்து அடுத்தடுத்து நோயாளிகள் வந்தபோது 'மூளையைத் தின்னும் அமீபா' என்று நம் பத்திரிகைகள் எழுதினவே, அதில் முதன்மையான பெயர் இதுதான். வெதுவெதுப்பான நன்னீரில் பாக்டீரியாக்களைத் தின்று வாழ்கிறது. 46 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சௌகரியமான வெப்பம். குடித்தால் நோய் வருவதில்லை. மூக்கில் ஏறினால்தான் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு சல்லடை எலும்பைத் தாண்டி மூளைக்குப் போகிறது.

குளத்தில் குதித்தால்தான் இந்த ஆபத்து என்று பலரும் நினைத்திருந்தார்கள். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலம் அந்த நினைப்பைக் கலைத்தது. ஜூன் மாதம் 28 வயது இளைஞர் ஒருவரும், செப்டம்பரில் 51 வயதுப் பெண் ஒருவரும் இந்த அமீபாவால் இறந்தார்கள். இருவரும் வெவ்வேறு ஊர். நோய் வருவதற்கு முன் இருவரும் ஏரி, குளம் எதிலும் இறங்கவில்லை. குடும்பத்தாரிடம் விசாரித்தபோது இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு பழக்கம் கிடைத்தது. நேத்திச் சொம்பால் மூக்கு கழுவுவார்கள், அதற்கு வீட்டுக் குழாய்த் தண்ணீரையே எடுப்பார்கள். அதிகாரிகள் இரண்டு வீடுகளிலும் தண்ணீர் மாதிரிகள் எடுத்தார்கள். இரண்டிலுமே நெக்லேரியா ஃபௌலேரி இருந்தது. குடிநீராகச் சுத்திகரித்து அனுப்பப்படுகிற நீர்தான் அது. குளோரின் கலந்து வந்தாலும், வீட்டுக்குள் குழாயில் தேங்கி, சூடேறி, குளோரின் வலுவிழந்த இடத்தில் அமீபாவுக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

லூசியானாவின் குழாயைவிட நம் மொட்டைமாடித் தொட்டி அமீபாவுக்கு வசதியான இடம். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, சித்திரை வெயில், அடியில் வண்டல், ஓரத்தில் பாசி. மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. அந்தச் சூடு கிருமியைக் கொல்லும் என்று நினைக்கக்கூடாது. அது அமீபாவைச் சீராட்டுகிற சூடு. கீசரிலிருந்து வரும் வெந்நீரும் கொதித்த நீர் ஆகாது.

பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. இது மிக அரிதான நோய். அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை பதிவானவர்கள் 164 பேர்தான். ஆனால் அவர்களில் பிழைத்தவர்கள் 4 பேர். இப்படி ஒரு கணக்கு இருக்கும்போது, ஒரு நிமிஷம் அடுப்பைக் கூடுதலாக எரியவிடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அந்த ஒரு நிமிஷம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்வது கொதி அல்ல. தண்ணீரில் கரைந்திருந்த காற்று சூட்டில் வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஆவி பறப்பதும் கொதி அல்ல. நீர் முழுவதும் தளதளவென்று புரண்டு, கரண்டியால் கிண்டினாலும் அடங்காமல் கொதிக்க வேண்டும். அந்த நிலை வந்த பிறகு ஒரு முழு நிமிஷம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கு. அந்நாட்டு உணவு, மருந்துத் துறையோ மூக்குக்கான நீரை 3 முதல் 5 நிமிஷம் கொதிக்கவிடச் சொல்கிறது. நான் மூன்று நிமிஷம் வைக்கிறேன். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்கு மூன்று நிமிஷம் கட்டாயம். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் போனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். தளதளப்பு அதேதான், சூடு 100 டிகிரியை எட்டாது. மின்சாரக் கெட்டில் கொதி வந்ததும் தானே அணைந்துவிடுவதால், நேரத்தை நம் கையில் வைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும்தான் தோது.

கொதிக்கவைப்பதோடு பாதி வேலைதான் முடிகிறது. கொதித்த நீருக்கும் நம் மூக்குக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுகிறது. விளாவுவது அதில் ஒன்று. சீக்கிரம் ஆறட்டும் என்று இரண்டு ஐஸ் கட்டி போடுவது இன்னொன்று. ஐஸ் கட்டியும் பச்சைத் தண்ணீர்தானே. திறந்துவைத்து ஆற்றுவது, ஆறியதைக் குடிநீர்க் குடத்தில் கொட்டிவைப்பது, தேவைப்படும்போது சொம்பை உள்ளே விட்டு, விரல் நனைய மொண்டு எடுப்பது எல்லாமே அதே பட்டியல்தான்.

இப்போது என் வீட்டில் நடப்பது இது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சோப்புப் போட்டுக் கழுவிய, மூக்கு வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் முக்கால் லிட்டர் தண்ணீர். தட்டு மூடியை அதன்மேல் வைத்தே கொதிக்கவிடுகிறேன், மூடியின் உள்பக்கமும் ஆவியில் வெந்துவிடும். அடுப்பை அணைத்ததும் அப்படியே மூடியபடி விட்டுவிடுகிறேன். காலைக்குள் தானே ஆறிவிடும். வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதில்லை. உள்ளே எதையும் விடாமல் நேரே பாட்டிலில் சாய்த்து ஊற்றுகிறேன். காலைக்கு 240, மாலைக்கு 240, மீதி பாட்டில் அலச. அடுத்த நாள் இரவு ஏதாவது மிச்சம் இருந்தால் செடிக்குப் போய்விடும். கொதித்து ஆறிய நீரை மூடிய சுத்தமான பாத்திரத்தில் 24 மணி நேரம் வரைதான் வைத்துக்கொள்ளலாம். கொதித்தபோது சுத்தமானது, அதற்குப் பிறகு எதிலிருந்தும் அதற்குப் பாதுகாப்பு இல்லை.

அவசரமாக ஆற வேண்டுமென்றால் மூடிய பாத்திரத்தைத் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் வைக்கலாம், வெளித்தண்ணீர் விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மார்கழியில் ஆறின நீர் மூக்கில் சுள்ளென்று இருக்கும். அப்போது மட்டும் விளாவுவதற்கு எனக்கே அனுமதி கொடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறிய கொதிநீரோடு புதிதாகக் கொதித்த நீரைத்தான் சேர்ப்பது. மூக்குக்குள் விடுவதற்கு முன் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சூடு என்றே தெரியக்கூடாது. மூக்கின் உள்தோல் கையைவிட மென்மையானது.

"எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கு, அது போதாதா?" என்று கேட்காத நண்பர் இல்லை. சியாட்டிலில் ஒரு பெண்மணியும் இப்படித்தான் நம்பியிருந்தார். அவருக்கு 69 வயது. சைனஸ் தொந்தரவுக்காக நேத்திச் சொம்பில் மூக்கு கழுவச் சொல்லியிருந்தார்கள். கொதிக்கவைத்த நீருக்குப் பதிலாக, கடையில் வாங்கிய வடிகட்டியில் வடிகட்டிய குழாய்த் தண்ணீரை ஊற்றினார். சில வாரங்களில் மூக்கின் மேல் சிவந்த தடிப்பு ஒன்று வந்தது. தோல் நோய் என்று களிம்பு கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் அது ஆறவே இல்லை. பிறகு வலிப்பு வந்தது. மூளையில் கட்டி என்று நினைத்து அறுவை செய்தபோது, உள்ளே இருந்தது பலமூத்தியா மாண்ட்ரிலாரிஸ் என்ற இன்னொரு அமீபா. அவர் பிழைக்கவில்லை. 2018இல் மருத்துவர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு இல்லாமல் போனதால், மூக்கு கழுவிய நீரே காரணமாக இருக்க வேண்டும் என்ற அளவில்தான் அவர்களால் சொல்ல முடிந்தது.

வடிகட்டி என்பது பெரும்பாலும் ருசிக்கும் வாடைக்கும் செய்யப்பட்டது. ஆர்.ஓ.வின் சவ்வு அதைவிடப் பன்மடங்கு நுண்ணியது என்பது உண்மை. ஆனால் சவ்வைத் தாண்டிய நீர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தேங்கி, ஒரு குழாய் வழியாகத்தான் வருகிறது. அந்தத் தொட்டியை நாம் கடைசியாக எப்போது கழுவினோம்? இருபது லிட்டர் கேன் தண்ணீரும் குடிப்பதற்கானது, கிருமி நீக்கியது அல்ல. ஆர்.ஓ. தண்ணீரையும் கேன் தண்ணீரையும் தாராளமாகப் பயன்படுத்தலாம், கொதிக்கவைத்த பிறகு.

இன்னொரு விபரீதத்தையும் பார்த்திருக்கிறேன். மூக்கு கழுவ 'டிஸ்டில்ட் வாட்டர்' நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, எங்கள் தெருவில் ஒருவர் பேட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் கேன் வாங்கிவந்தார். அது இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற தண்ணீர். உப்புகளை நீக்கியிருப்பார்கள், கிருமியை நீக்க வேண்டிய அவசியம் பேட்டரிக்கு இல்லை. பயணத்தில் கொதிக்கவைக்க வழியில்லை என்றால் மெடிக்கலில் சீல் வைத்த கிருமி நீக்கிய நீரோ சலைன் பாட்டிலோ கேட்டு வாங்கலாம். சலைனில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, பொட்டலத்தைக் கலக்கக்கூடாது. திறந்த பாட்டிலை நாள்கணக்கில் வைத்துக்கொள்ளவும் கூடாது.

உப்பு போடுகிறோமே, அது கொல்லாதா? ஊறுகாயில் கொல்லும். மூக்குக்குப் போடுவது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை, உடம்பின் திரவங்களுக்கு ஈடான அளவு. எரிச்சல் வராமல் இருக்கத்தான் அது.

இனி பாட்டில். நல்ல நீரை ஊற்றினாலும் பாட்டில் அதைக் கெடுத்துவிடும், அதுவும் பெரும்பாலும் நம் மூக்கிலிருந்தே எடுத்த சரக்கால். அமுக்கின கையை, முனை மூக்குக்குள் இருக்கும்போதே தளர்த்தினால், பாட்டில் மறுபடி உப்பும்போது மூக்கிலிருக்கும் நீரையும் சளியையும் உறிஞ்சிக்கொள்ளும். முனையை மூக்கிலிருந்து எடுத்த பிறகுதான் கையைத் தளர்த்த வேண்டும். எனக்கு இது பழக ஒரு வாரம் ஆனது. பாட்டிலில் மிஞ்சியதை மாலைக்கு வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

அறுவைக்குப் பின் மூக்கு கழுவுகிறவர்களின் பாட்டில்களை வாங்கிச் சோதித்த ஆய்வுகள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. ஒழுங்காகக் கழுவச் சொல்லிக் கொடுத்திருந்தும் பல பாட்டில்களில் பாக்டீரியா வளர்ந்திருந்தது. ஈரமான பிளாஸ்டிக்கில் அவை ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படலத்தைப் பின்னிக்கொள்கின்றன. கிணற்றுப்படியில் பாசி வழுக்குமே, அது மாதிரி. அந்தப் படலம் பிடித்துவிட்டால் வெறும் தண்ணீர் விட்டு அலசுவது பயன்படாது. நாம் முன்னே பார்த்த அமீபாக்களுக்கு அந்த பாக்டீரியாதான் தீனி என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பாட்டில் மூன்று துண்டு: உடல், மூடி, உள்ளே தொங்குகிற குழல். ஒவ்வொரு முறையும் மூன்றையும் பிரித்துவிட வேண்டும். மூடியில் செருகியபடியே குழலை விட்டால், அந்த இணைப்பில்தான் முதல் கரும்புள்ளி வரும். கையைக் கழுவிவிட்டு, பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பு ஒரு சொட்டும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் குலுக்கி, மறுபடி மாட்டி, சோப்பு நீரைக் குழல் வழியாகவும் முனைத் துளை வழியாகவும் பீய்ச்சிவிடுவேன். நீர் போகிற எல்லா வழியிலும் சோப்பும் போக வேண்டும். பிறகு பிரித்து அலசுவது. குழாயில் அலசலாம், ஆனால் கடைசி அலசல் கொதித்து ஆறிய நீரில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழலுக்குள் நிற்கிற நாலு சொட்டுக் குழாய்த் தண்ணீர் அடுத்த வேளை நேரே மூக்குக்குப் போகும். விளாவியதும் இதுவும் ஒன்றேதான், அளவுதான் குறைவு.

அலசியதும் குழலை உதறி, மூன்று துண்டையும் தனித்தனியாகக் கவிழ்த்துக் காயவைக்கிறேன், குளியலறையில் அல்ல. கைத்துண்டால் துடைத்தால் துண்டில் இருப்பது பாட்டிலுக்கு வரும். இரண்டு வேளைக்கு நடுவே உள்ளே முழுக்கக் காய வேண்டும், மழைக்காலத்தில் காயவில்லை என்பதால் மாற்றிமாற்றி உபயோகிக்க இரண்டாவது பாட்டில் ஒன்று வாங்கினேன். சில பாட்டில்களை மைக்ரோவேவில் வைக்கலாம் என்று கூட வரும் தாளில் போட்டிருக்கும். அதற்கும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும், பாட்டிலும் ஈரமாக இருக்க வேண்டும். ஈரம் சூடேறினால்தான் வேலை நடக்கும். தாளில் அப்படி இல்லையென்றால் வைக்க வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் கொதிநீரில் நெளிந்து மூடி பொருந்தாமல் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாட்டிலை மாற்றிவிடுகிறேன். உள்ளே விரலை விட்டால் வழுவழுத்தாலோ, மங்கலாகிவிட்டாலோ, மோந்தால் வாடை வந்தாலோ அதற்கு முன்பே. வீட்டில் இருவர் கழுவினால் இரண்டு பாட்டில்.

இவ்வளவு நாள் குழாய்த் தண்ணீரில் கழுவியவர்கள் இன்று திகிலடைய வேண்டாம், மாற்றிக்கொண்டால் போதும். ஆனால் பச்சைத் தண்ணீர் மூக்கில் ஏறி 12 நாளுக்குள் கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு என்று வந்தால் சளிக்காய்ச்சல் என்று காத்திருக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய், கேட்காவிட்டாலும் "மூக்கில் தண்ணீர் விட்டேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். நோய் முளைத்த பிறகு நாட்கள்தான் கையில் இருக்கும், அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் டாக்டருக்கு அமீபாவின் நினைப்பு வராமல் போகலாம். கேரளத்தில் 2024இல் 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்ததற்கு நோயைச் சீக்கிரம் கண்டுகொண்டதை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கீமோ எடுப்பவர்கள் மூக்கு கழுவத் தொடங்குவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிட வேண்டும்.

போன மாதம் கும்பகோணத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். முப்பது வருஷமாக ஜலநேத்தி செய்கிறவர். என் பாட்டில், குழல், மூடி எல்லாம் தட்டில் வரிசையாகக் காய்வதைப் பார்த்து, "இதுக்கு இவ்ளோ சீராடா?" என்றார். அவருடைய எவர்சில்வர் நேத்திச் சொம்பை வாங்கிப் பார்த்தேன். மூக்குக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் எட்டிப் பார்க்க முடியாத வளைவு. அன்றிரவு நான் தண்ணீர் கொதிக்கவைத்தபோது, பெரிய பாத்திரமாக எடுக்கச் சொல்லி, சொம்பையே அதற்குள் முழுக்கப் போட்டார். மூக்கு வழியாகக் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வந்தது. "உன் பிளாஸ்டிக்கை இப்படிப் போட முடியுமா?" என்று கேட்டுவிட்டு, தட்டை எடுத்து மூடினார்.